அரசி நான்கு பெரிய கோயில்களில் நின்ற புதன்கிழமை

செங்கழுநீர்த்துறையில் பெரிய கோயில்கள் நான்கு இருக்கின்றன, ஆனால் அந்த ஊரில் யாரைப் பிடித்துக் கேட்டாலும் ஒன்றுதான் இருக்கிறது என்பார்கள், அடித்துச் சொல்வார்கள், அந்த ஒன்று எங்கே இருக்கிறது என்பதை மட்டும் சொல்ல மாட்டார்கள், ஏனென்றால் அதைச் சொல்ல வேண்டியிருப்பதே அவர்களுக்கு ஓர் அவமானம். சன்னிதித் தெருக்காரர்களுக்கு மேகத்தை இடிக்கிற கோபுரம் வைத்த சிவன் கோயில்தான் பெரிய கோயில். வடகரைக்காரர்களுக்குத் தெப்பக்குளமும் நந்தவனமுமாக ஒரு கிராமத்தையே மதிலுக்குள் வளைத்துப் போட்ட பெருமாள் கோயில். சந்தைப்பேட்டைக்கு, ஆடியில் பூ மிதிக்கச் சுற்றுவட்டாரச் சனம் முழுக்கத் திரண்டு வந்து தெருவெல்லாம் படுத்துக் கிடக்கிற மாரியம்மன் கோயில். கீழக்கடைத் தெருவுக்கும் மீனவர் தெருக்களுக்கும், மணி அடித்தால் ஆற்றின் மறுகரையில் தூங்குகிறவனும் எழுந்து உட்காருகிற மாதா கோயில். உயரத்தில் ஒன்று, பரப்பில் ஒன்று, கூட்டத்தில் ஒன்று, சத்தத்தில் ஒன்று என்று ஆளுக்கொரு அளவுகோல் வைத்திருந்ததால் எது பெரியது என்ற சண்டைக்கு முடிவே வரவில்லை, முடிவு வராத சண்டையை எத்தனை நாள் போடுவது என்று அலுத்துப்போய் ஊர் ஒரு வழக்கத்துக்கு வந்து சேர்ந்தது: தன்னுடையதைப் பெரிய கோயில் என்று சொல்லிக்கொள்ளலாம், மற்ற மூன்றையும் அதனதன் பெயரைச் சொல்லிக் கூப்பிடலாம், ஆனால் ஒருவர் வாயிலிருந்து பெரிய கோயில் என்று வந்த பிறகு "எந்தப் பெரிய கோயில்?" என்று மட்டும் கேட்கக் கூடாது. கேட்டால், உன் அப்பா எந்த அப்பா என்று கேட்டதற்குச் சமம்.

இந்த வழக்கத்தால் அதிகம் பாடுபட்டவர்கள் ஆட்டோக்காரர்கள். எப்போதோ ஒரு புது ஆள் வடகரையில் ஏறிய ஒரு பெரியவரைப் பார்த்து அந்தக் கேள்வியைக் கேட்டுத் தொலைக்க, அவர் பாதி வழியில் இறங்கி நடந்தே போய்விட்டார், வடகரை முழுவதும் மழைக்காலம் முடிகிறவரை அந்த ஸ்டாண்டு ஆட்டோவில் ஏறவில்லை. அன்றிலிருந்து கேட்காமலேயே கண்டுபிடிக்கிற வித்தையை அவர்கள் பழகிக்கொண்டார்கள். ஆள் எந்தத் தெருவில் ஏறுகிறார் என்று பார்ப்பார்கள். கையில் வில்வமா துளசியா எலுமிச்சை மாலையா மெழுகுவத்தியா என்று பார்ப்பார்கள். செவ்வாய், வெள்ளி என்றால் அம்மன், சனி என்றால் பெருமாள், பிரதோஷம் என்றால் சிவன், ஞாயிறு காலை என்றால் மாதா. நெற்றியைப் பார்ப்பார்கள், கழுத்தைப் பார்ப்பார்கள், "பெரிய கோயிலுக்குப் போகணும், நடை சாத்திருவாங்க" என்று அவசரப்படுகிறவருக்கு மாதா கோயில் இல்லை என்று ஒன்றைக் கழிப்பார்கள், ஏனென்றால் அங்கே நண்பகலில் கதவு சாத்துகிற வழக்கமில்லை. அப்படியும் பிடிபடாவிட்டால் வண்டியை எடுத்துவிடுவார்கள், காரணம், எங்கே ஏறினாலும் நான்கு கோயிலுக்கும் அஞ்சு ரோடு சந்திப்பு வரைக்கும் ஒரே பாதைதான்; போகிற வழியில் தூண்டில் போடுவார்கள், "இன்னைக்குக் கூட்டம் இருக்கும்லம்மா" என்பார்கள், "ஆமாண்ணே, கூழ் ஊத்துறாங்கல்ல" என்று பதில் வந்தால் சோலி முடிந்தது. வாயே திறக்காத ஆளாக இருந்தால் சந்திப்புக்கு வந்ததும் வண்டியை ஆமை வேகத்துக்கு இறக்கி, கண்ணாடியில் பார்ப்பார்கள். போக வேண்டிய பக்கம் உடம்பு தானாகச் சாயும். சாய்ந்த பக்கம் ஹேண்டில்பாரைத் திருப்ப வேண்டியதுதான்.

பல்கலைக்கழக வாசல் ஸ்டாண்டின் தாவூது பாய் இதில் தன்னை ஒரு சக்கரவர்த்தி என்றே நினைத்துக்கொண்டிருந்தார். நான்கில் எதுவும் தன்னுடையது இல்லை என்பதால் தன் கணக்கில் கலப்படமே கிடையாது என்பார். "ஒருத்தரையும் கேட்டதில்ல, ஒருத்தரையும் மாத்தி இறக்கினதில்ல" என்று டீக்கடையில் உட்கார்ந்து அவர் சொல்லும்போது, "செத்தவன ஏத்தினாக்கூட எந்தச் சுடுகாடுன்னு கேக்க மாட்டாரு நம்ம பாய்" என்பான் பக்கத்து வண்டிச் சங்கிலி. பாய் அதையும் பாராட்டாகவே எடுத்துக்கொள்வார்.

அந்தப் புதன்கிழமை காலையில் அவருடைய வண்டியில் ஏறியவள் மங்கையர்க்கரசி. அரசி என்று கூப்பிடுவார்கள். விருத்தாசலம் பக்கத்துப் பெண், தத்துவத் துறையில் ஆய்வு மாணவி, விடுதியில் சாம்பார் நன்றாக இல்லை என்று யாராவது சொன்னால்கூட நன்றாக என்றால் என்ன என்று தொடங்கிவிடுகிறவள். அவளிடம் பூ இல்லை, மாலை இல்லை, மெழுகுவத்தி இல்லை, நெற்றியில் ஒன்றும் இல்லை. மடியில் ஒரு கோப்பும் தண்ணீர் பாட்டிலும் கையில் போனும் மட்டும் இருந்தன. எந்தத் தெருவுக்கும் சொந்தமில்லாத பல்கலைக்கழக வாசலில், எந்தச் சாமிக்கும் எழுதி வைக்காத கிழமையில் ஏறி உட்கார்ந்து, "பெரிய கோயில் போங்க பாய்" என்றாள்.

"போலாம்மா," என்றார் பாய், கேட்காமல்.

அவள் சாமி கும்பிடப் போகவில்லை. கலெக்டர் அலுவலகத்தில் பதினொரு மணிக்குக் கூடுகிற மாவட்டப் புகார்க் குழுவின் முன்னால் போய் நிற்கப் போகிறாள். துறை நூலகத்தில் புத்தக அலமாரிக்கும் சுவருக்கும் நடுவில் அவளை வழிமறித்து, கையைப் பிடித்துக்கொண்டு, நீ கையை உதறினால் உன் ஆய்வேட்டில் என் கை படாது என்று சிரித்துக்கொண்டே சொன்ன பேராசிரியர் திருமேனிநாதனைப் பற்றிச் சொல்லப் போகிறாள். அதைப் பார்த்த கண்கள் உலகத்தில் இரண்டே இரண்டு, அவை ரெஜினாவுடையவை. ரெஜினா அன்றைக்கு இரண்டு டம்ளர் டீயோடு நூலக வாசலில் நின்றாள், டீ கீழே கொட்டியது, அந்தக் கறையைக்கூட அவர்கள் இருவரும்தான் குனிந்து துடைத்தார்கள். ஒரே அறை, ஒரே வாளி, ஒரே ஆய்வு வழிகாட்டி, அந்தத் திருமேனிநாதன்தான். "நான் பாத்தேன்டி, எங்க வேணாலும் வந்து சொல்றேன்" என்று ரெஜினா சொன்ன பிறகுதான் அரசி புகாரே எழுதினாள்.

ரெஜினா இந்த ஊர்க்காரி, ஊர்க் கடைசியில் ஆற்றுமுகத்து ஆரோக்கியபுரம். முந்தைய நாள் வீட்டுக்குப் போனவள் அங்கிருந்து செய்தி அனுப்பியிருந்தாள்: "நாளைக்குப் பத்து மணிக்குப் பெரிய கோயில் வாசல்ல நில்லுடி. சேர்ந்தே உள்ள போவோம். தனியா அந்த ஆபீஸ் படி ஏற என்னால ஆகாது." அரசி உடனே, "எது, சிவன் கோயிலா?" என்று திருப்பிக் கேட்டாள், வெளியூர்க்காரி என்பதால் கேட்கக் கூடாது என்பது அவளுக்குத் தெரியாது. அந்தக் கேள்விக்குப் பக்கத்தில் ஒரே ஒரு டிக் விழுந்தது, இரண்டாவது டிக் விழவே இல்லை. காலையில் கூப்பிட்டால் போன் அணைந்து கிடந்தது. சார்ஜ் போயிருக்கும், பேருந்தில் வருகிறாள், என்று அரசி தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

ஆட்டோ ரயில்வே கேட்டைத் தாண்டும்போது அவள் யோசிக்கத் தொடங்கினாள். ரெஜினா கிறிஸ்தவப் பெண், அவள் வீட்டில் பெரிய கோயில் என்றால் மாதா கோயில், பிறந்ததிலிருந்து அப்படித்தான் சொல்லி வளர்ந்திருப்பாள், ஆகவே மாதா கோயில். ஆனால் சொன்னது யாரிடம்? என்னிடம். ஒருவர் ஒரு வார்த்தையைத் தேர்ந்தெடுப்பது கேட்கிறவர் என்ன புரிந்துகொள்வார் என்று பார்த்துத்தானே, எங்கள் வீடு சிவன் கோயில் வீடு என்று அவளுக்குத் தெரியும், ஆகவே எனக்காக இறங்கி வந்து சிவன் கோயிலைத்தான் சொல்லியிருப்பாள். ஆனால் நான் அவளுக்காக இறங்கிப் போய் மாதா கோயிலுக்கு வருவேன் என்றும் அவளுக்குத் தெரியுமே. அவள் என் கோயிலுக்கு வர, நான் அவள் கோயிலுக்குப் போக, இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் மரியாதை செய்தே தவறவிட்டுவிடுவோமே. சரி, மனுஷரை விடு, காரியத்தைப் பார்: கலெக்டர் அலுவலகத்துக்குப் பக்கத்தில் இருப்பது பெருமாள் கோயில், சேர்ந்து நடந்துபோக அதுதான் தோது. காரியத்தை விடு, வழியைப் பார்: ஆரோக்கியபுரம் பேருந்து வந்து நிற்பது மாரியம்மன் கோயில் வாசலில், பயந்தவள் இறங்கின இடத்திலேயே நிற்பாள். ஒவ்வொன்றுக்கும் ஒரு நியாயம் இருந்தது, ஒவ்வொரு நியாயமும் மற்றதற்குக் கொஞ்சமும் இளைத்ததாக இல்லை, சாதாரணமாக இப்படி ஒரு சிக்கல் கிடைத்தால் அவள் சந்தோஷப்பட்டுச் சாப்பாட்டு மேசையில் வைத்து ஒரு மணி நேரம் பேசுவாள், இன்றைக்கு அவள் போனைத் திறந்து மறுபடியும் அந்த ஒற்றை டிக்கைப் பார்த்தாள்.

"இன்னைக்கு வெயில் சாஸ்தி, கோயில்ல கல்லு சுடும்," என்று பாய் தூண்டில் போட்டார்.

"ம்," என்றாள் அரசி.

"விசேஷம் எதும் உண்டாம்மா?"

"ஒரு ஆளைப் பாக்கணும் பாய்."

இதற்கு மேல் எதைக் கேட்பது. சந்திப்பு வந்தது. பாய் வண்டியை ஆமை வேகத்துக்கு இறக்கிக் கண்ணாடியைப் பார்த்தார். அரசி எந்தப் பக்கமும் சாயவில்லை. எங்கே போகிறோம் என்பது பாய்க்குத் தெரியும் என்று நம்பிப் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள், எங்கே போக வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும் என்று நம்பி அவர் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் ஒரு மினி பஸ் ஹாரன் அடித்தது. ஆட்டோ நான்காகப் பிளந்தது என்று பிற்பாடு சிலர் சொன்னார்கள், அது சரியில்லை, பிளக்கவெல்லாம் இல்லை. அது நான்கு பக்கமும் போனது, அவ்வளவுதான். சந்திப்பில் நின்ற போக்குவரத்துக் காவலர் நான்கு பக்கமும் கை காட்டி வழிவிட்டார். முனையில் கரும்புச்சாறு பிழிகிறவர், ஒரே ஆட்டோ இத்தனை பக்கம் போகுதே, டீசல் விக்கிற விலைக்கு, என்று மட்டும் நினைத்துக்கொண்டார்.

சிவன் கோயில் கிழக்கு வாசலில் இறங்கிய அரசியைக் காவலாளி யானை கட்டுகிற தூணோரம் நிழலில் நிற்கச் சொன்னார். பெருமாள் கோயிலில் இறங்கிய அரசியிடம் பூக்காரம்மா, "யாருக்குக் காத்திருக்க, மாப்பிள்ளைக்கா," என்று கேட்டுவிட்டு, இல்லை என்றதும் ஏமாற்றத்தோடு ஒரு முழம் பூவை இலவசமாகவே தலையில் வைத்துவிட்டாள். மாரியம்மன் கோயிலில் இறங்கிய அரசி ஆரோக்கியபுரத்திலிருந்து வந்த ஒவ்வொரு பேருந்தின் ஒவ்வொரு படியையும் பார்த்தாள், கடைசியாக இறங்குகிற மீன்கூடை வரைக்கும் பார்த்தாள். மாதா கோயிலில் இறங்கிய அரசியை ஒரு சிஸ்டர் உள்ளே கூட்டிப்போய் விசிறிக்குக் கீழே பெஞ்சில் உட்காரவைத்தார்; அவள் உட்கார மாட்டாமல், உட்கார்ந்தால் வாசல் தெரியாது என்று மறுபடியும் எழுந்து வந்து நின்றாள். நான்கு பேருக்கும் நான்கு பேராக இருப்பது தெரிந்தே இருந்தது, ஒரு கால் வெயிலில் ஒரு கால் நிழலில் இருப்பது எப்படித் தெரியுமோ அப்படி, அதனால் ஒவ்வொருத்தியும், இங்கே வராவிட்டால் என்ன, அங்கே வந்திருப்பாள் என்று மற்ற மூவரை நம்பிக்கொண்டு நின்றாள். பதினொன்று அடித்தது; சாட்சியில்லாமல் போய் என்ன சொல்வது என்று ஒருத்தியும் நகரவில்லை. நம்பிக்கை ஒரு கோயிலிலிருந்து இன்னொரு கோயிலுக்குத் தள்ளித் தள்ளிப் போய், நான்கையும் சுற்றி வந்து, போக இடமில்லாமல் நின்றது. சிவன் கோயிலிலும் பெருமாள் கோயிலிலும் உச்சிக்காலம் முடிந்து நடை சாத்தினார்கள். ரெஜினா எங்கும் வரவில்லை.

நான்கு அரசிகளும் நடந்தே திரும்பினார்கள். மழை பெய்து ஓய்ந்தபின் நான்கு தெருத் தண்ணீரும் ஒரு வாய்க்காலில் வந்து விழுவதுபோல் அஞ்சு ரோட்டில் ஒன்றானார்கள், தலையில் பெருமாள் கோயில் பூவும் காலில் நான்கு கோயில் சூடுமாக ஒருத்தி கலெக்டர் அலுவலகம் போய்ச் சேர்ந்தபோது, குழு கலைந்து, அறையைப் பெருக்கிக்கொண்டிருந்தார்கள். சாட்சி வரவில்லை, புகார் கொடுத்தவரும் வரவில்லை, அடுத்த வாரம் வாங்க என்றார்கள்.

அந்த அடுத்த வாரத்துக்குள் ஊர் அவளைத் தனதாக்கிக்கொண்டது.

சன்னிதித் தெருவில், தங்களிடம் வந்தவள்தான் அசல் அரசி, மற்ற மூவரும் நிழல் என்று கூட்டம் போட்டுத் தீர்மானித்தார்கள். கோபுரத்தின் உயரத்துக்கு ஆதாரம் கிடைத்துவிட்டது என்று ஒரு தட்டி வைத்தார்கள். வடகரைக்காரர்கள், பூ யார் தலையில் இருந்தது, பூவைப் பார், நிழலின் தலையில் பூ நிற்குமா என்று மறுத்தார்கள். பூக்காரம்மாவிடம் பெண்கள் வரிசையில் நின்று அதே மாதிரி ஒரு முழம் வாங்கினார்கள். மாரியம்மன் கோயிலில் அவள் நின்ற இடத்தில் யாரோ மஞ்சள் கரைத்து ஊற்றி ஒரு வேப்பங்கொத்தைச் சொருகினார்கள். மாதா கோயிலில் ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில் அவள் பெயரைச் சொல்லாமல், காத்திருத்தலைப் பற்றிச் சொன்னார்கள். விடுதிக்கு மூட்டை மூட்டையாகப் பிரசாதம் வந்தது, பொங்கலும் புளியோதரையும் கூழும் கேக்கும், அரசி ஒன்றையும் தொடவில்லை, அறைக்கு அறை பெண்கள் தின்று தீர்த்தார்கள். வந்தவர்கள் எல்லாரும் முதலில் எந்தக் கோயிலில் கால் வைத்தாய் என்று கேட்டார்கள், ஒவ்வொரு வாசலிலும் என்ன தோன்றியது என்று கேட்டார்கள், குழந்தையை ஆசீர்வாதம் பண்ணச் சொன்னார்கள். யாருக்காகப் போய் நின்றாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. அவளாகச் சொல்ல ஆரம்பித்தால், "அதெல்லாம் இருக்கட்டும்மா," என்று கையைப் பிடித்துக்கொண்டார்கள், இவ்வளவு பெரிய அற்புதத்தை வைத்துக்கொண்டு இந்தப் பெண் ஒரு நூலகத்தைப் பற்றியே பேசுகிறதே என்று வருத்தப்பட்டார்கள்.

ஆட்டோ ஸ்டாண்டுக்குப் போய் அவள் சண்டை போட்டாள்.

"ஏன் பாய் நீங்க கேக்கல? எந்தக் கோயில்னு ஒரு வார்த்தை?"

"நீ ஏம்மா சொல்லல?"

"எனக்குத் தெரியாது. தெரியாதவ எப்படிச் சொல்லுவா?"

"தெரியாதுன்னு சொல்லலாம்ல."

"கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். உங்களுக்கும் தெரியல, தெரியலன்னு காட்டிக்கவும் மனசில்ல. ஊரு மானம் ஊரு மானம்னு உங்க பெருமையத்தான காப்பாத்துனீங்க."

பாய் வண்டியின் கண்ணாடியைத் துடைத்தார். அன்றைக்கு நான்கு ரோட்டிலும் எங்கெங்கே குழி இருந்தது என்று அவரால் ஒரே மூச்சில் சொல்ல முடிந்தது, அதை மாத்திரம் அவர் பெருமையாகச் சொல்லிக்கொள்வதில்லை.

"விடும்மா," என்றான் சங்கிலி, "மாத்தி இறக்கிட்டாருன்னு ஒன்னால சொல்ல முடியுமா. எல்லாத்துலயும் இறக்கிட்டாரே மனுசன்."

ஸ்டாண்டு முழுக்கச் சிரித்தது. அரசிக்கும் ஒரு கணம் சிரிப்பு வந்தது, வந்ததற்காக அவளுக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது.

அடுத்த அமர்வில் பேராசிரியர் திருமேனிநாதன் தானே எழுந்து பேசினார். கோபப்படவில்லை, அவளைத் திட்டவும் இல்லை; வகுப்பில் ஒரு கடினமான பகுதியை விளக்குகிறபோது பேசுகிற அதே இதமான குரலில் பேசினார். இந்த மாணவி ஒரே நேரத்தில் நான்கு இடங்களில் இருந்ததை ஊரே பார்த்திருக்கிறது, இந்தக் குழுவின் உறுப்பினர்களில் இருவர்கூட அவள் நின்ற இடத்தில் வேப்பிலை வாங்கியிருக்கிறார்கள், நான் அதை மறுக்கவில்லை, நானும் வணங்குகிறேன்; ஆனால் அப்படிப்பட்ட ஒருவர், குறிப்பிட்ட நாளில், குறிப்பிட்ட நேரத்தில், நூலகத்தில்தான் இருந்தேன் என்று எப்படி உறுதியாகச் சொல்ல முடியும், இருந்தவர் இவர்தானா என்றே தெரியாதபோது நான் எப்படி மறுமொழி சொல்ல முடியும், என்றார். குழுத் தலைவி பேனாவை மூடினார். அரசி எழுந்து, நான்கு இடத்தில் இருந்ததற்கு ஊரே சாட்சி சொல்லுது, ஒரே இடத்தில் இருந்ததற்கு மட்டும் எனக்குச் சாட்சி வேணுமா, நான்கை நம்புறவங்களுக்கு ஒன்றை நம்ப என்ன கஷ்டம், என்று கேட்டாள். நல்ல கேள்வி என்று ஓர் உறுப்பினர் தலையாட்டினார், தலையாட்டிக்கொண்டே கையெழுத்துப் போட்டார். சாட்சி ஆஜராகாத நிலையில், புகார்தாரர் இருந்த இடம் குறித்து ஐயம் நீடிப்பதால், புகார் முடித்துவைக்கப்பட்டது.

அதற்கும் பிறகு, ஒரு திங்கட்கிழமை காலையில் ரெஜினா விடுதிக்கு வந்தாள். புதனன்று விடியும் முன்பே சென்னையில் அக்கா வீட்டுக்கு வண்டி ஏறியவள், போனை எடுக்காமல், ஊர்ப் பேச்சு ஒன்றும் காதில் விழாமல் இருந்துவிட்டு, நேரே ரயிலடியிலிருந்து வந்தாள். அரசி புதிதாக எழுதிய மனுவைக் கோப்பில் அடுக்கிக்கொண்டிருந்தாள், எதிர்க் கட்டிலில் மூன்றாவது அறைத்தோழி இன்பவல்லி தலை பின்னிக்கொண்டிருந்தாள். ரெஜினா தோளிலிருந்து பையைக்கூட இறக்காமல், வழியெல்லாம் ஒத்திகை பார்த்ததை வாசலில் நின்றே சொன்னாள்.

"எவ்ளோ நேரம்டி ஒனக்காக நின்னேன் பெரிய கோயில்ல. மண்டையப் பொளக்குற வெயில். நீ வரவே இல்ல. அதுல காய்ச்சல் வந்து அக்கா வீட்டோட படுத்துட்டேன்."

அன்றைக்கு எந்தப் பெரிய கோயில் வாசலில் யார் நின்றிருந்தாலும் அவர்களுக்கு அரசியின் கதை தெரிந்திருக்கும், தெரியாமல் இருக்க வழியே இல்லை. இன்பவல்லியின் கை பின்னலில் பாதியில் நின்றது. அரசி நிமிர்ந்தாள்.

"எந்தப் பெரிய கோயில்?"

அந்த ஊரில் யாரும் யாரையும் கேட்காததை அவள் கேட்டதும் ரெஜினாவின் முகம் அடிபட்டதுபோல் ஆயிற்று. "என்னடி கேக்குற. ஒன்கிட்ட சொல்லும்போது நான் எந்தக் கோயிலச் சொல்லுவேன். ஒன் கோயில்தான். எனக்கு மாதா கோயில்தான் பெரிய கோயில், ஆனா ஒனக்காக சிவன் கோயில்னு நெனச்சுத்தான் சொன்னேன்."

ஒரு கணம், ஒரே ஒரு கணம், அரசிக்கு உடம்பெல்லாம் இனித்தது. ஆட்டோவில் அவள் நினைத்தது சரிதான், தோழி தன் சொல்லை விட்டு இறங்கி இவளுடைய சொல்லுக்கு வந்திருக்கிறாள். அது பொய் என்பது அதற்கு அடுத்த கணம்தான் உறைத்தது, உறைத்தபோது எதை எடுத்து அந்தப் பொய்யைச் செய்திருக்கிறாள் என்பதுதான் பொறுக்கவில்லை.

"சிவன் கோயில்ல நான் இருந்தேன் ரெஜி. கிழக்கு வாசல்ல."

"நான் மேலவாசல்ல நின்னேன்."

"மேலவாசல் மாசி மகத்துக்குத்தான் திறப்பாங்க. வாட்ச்மேன் சொன்னார். முன்னாடி குப்பை வண்டி நிக்கும்."

ரெஜினா பையை இறக்கினாள்.

"மாதா கோயில்லயும் நின்னேன்," என்றாள் அரசி. "மாரியம்மன் கோயில்ல நின்னு ஒங்க ஊரு பஸ்ஸ எல்லாம் பாத்தேன். பெருமாள் கோயில்லயும் நின்னேன்."

"ஓடி ஓடியா தேடுன?"

"ஓடலக்கா," என்றாள் இன்பவல்லி தாழ்ந்த குரலில். "நாலுலயும் ஒரே நேரத்துல நின்னாங்க. ஊருக்கே தெரியும். ஒங்களுக்கு மட்டும்தான் தெரியல."

ரெஜினா கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். ஆச்சரியப்படவில்லை, அந்த ஊர்க்காரியாயிற்றே. எங்கே மாட்டிக்கொண்டோம் என்று மட்டும் கணக்குப் பார்த்துக்கொண்டாள். பையின் வாரை விரலில் சுற்றிக்கொண்டே, "அவரு கையெழுத்துப் போடலன்னா என் அஞ்சு வருஷமும் போச்சுடி," என்றாள். பிறகு, தரையைப் பார்த்துக்கொண்டே, ஏதோ ஒரு பிடி கிடைத்தவள்போல் குரலை உயர்த்தினாள். "ஆனா ஒண்ணு கேக்குறேன். நாலுலயும் நின்னிருக்கேன்னா, நான் எதச் சொன்னேன்னு ஒனக்கே தெரியலதான? நெசமா என்னய நம்பியிருந்தா, என்னய அவ்வளவு தெரிஞ்சிருந்தா, ஒரே கோயிலுக்குத்தான வந்திருப்ப. நீயும் என்னய நம்பல."

அது நல்ல வாதம். வேறு யாராவது வேறு எதற்காவது சொல்லியிருந்தால் அரசி ரசித்திருப்பாள். அவள் கோப்பின் நாடாவை இழுத்துக் கட்டினாள்.

"இந்த ஊர்ல பொறந்தவ நீ. பெரிய கோயில்னு சொன்னா யாரும் திருப்பிக் கேக்க மாட்டாங்கன்னு தெரிஞ்சவ. நான் கேட்டேன், பதில் சொல்லாம போன அணைச்ச. நாளைக்கு இங்க இல்ல அங்க நின்னேன்னு சொல்லிக்கலாம்னு மொத நாளே ஒரு வார்த்தைய எடுத்து வெச்ச." அவள் குரல் உயரவில்லை. "நான் எதுன்னு தெரியாமத்தான் நின்னேன். நாலுல எதுல நீ வந்து நின்னிருந்தாலும் அதான்டி எனக்குப் பெரிய கோயில். மத்த மூணையும் அங்கயே விட்டுட்டு ஒன்கூட வந்திருப்பேன்."

ரெஜினா பைக்குள் கையை விட்டு எதையோ தேடுவதுபோல் தேடிக்கொண்டிருந்தாள். அரசி செருப்பை மாட்டினாள்.

"எங்கடி போற," என்றாள் ரெஜினா கடைசியில், பழைய குரலில், தண்ணீர் பிடிக்கப் போகிறவளைக் கேட்பதுபோல்.

"கலெக்டர் ஆபீஸ். இன்னைக்கு மனுநாள்," என்றாள் அரசி. "ஊர்ல அது ஒண்ணுதான் இருக்கு."